கல்லறைத் திருநாள் நவம்பர் 2 தான். கல்லறைக்குப் போக எட்டு நாள் இருக்கிறது

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்ட கத்தோலிக்கக் குடும்பங்களில் அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷம் ஃபாதர் நம்ம தோட்டத்துக்கு என்னைக்கு வர்றாரு?" என்பதுதான் அது. சிரம்பானிலோ நீலாயிலோ வீடு வாங்கிக் குடியேறி இருபது, முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் தாத்தாவும் பாட்டியும் லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டத்து இடுகாட்டில்தான் இருக்கிறார்கள். கல்லறைத் திருநாள் நவம்பர் 2 என்று நாட்காட்டி சொல்கிறது. ஃபாதரோ அடுத்த சனிக்கிழமைதான் அந்தத் தோட்டத்துக்கு வர முடியும் என்கிறார். அப்படியானால் திருநாளைத் தவறவிட்டதாகுமா, அன்று வேண்டினால் ஆத்துமாவுக்குப் போய்ச் சேருமா என்பது வீட்டுப் பெரியவர்களின் கவலை.

இந்தக் கவலைக்குத் திருச்சபையின் சட்டத்திலேயே தெளிவான பதில் இருக்கிறது. அது பலருக்கும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், நவம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாட்களும் நம்மவர் பேச்சில் 'கல்லறைத் திருநாள்' என்று ஒன்றாகக் கலந்துவிட்டதுதான். முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. பழைய செபப்புத்தகங்களில் இது 'சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள்' என்று இருக்கும். விண்ணகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவர்களின் விழா இது. அந்தோணியார், சூசையப்பர், குழந்தை இயேசுவின் தெரசம்மாள் போல் பெயர் தெரிந்தவர்களுக்கு ஆண்டில் தனித்தனி நாள் உண்டு. பெயர் தெரியாமல், பீடத்தில் சுரூபம் வைக்கப்படாமல், நல்லபடி வாழ்ந்து இறைவனிடம் சேர்ந்துவிட்ட எண்ணற்றவர்களுக்கு நாள் ஏது? அவர்களையும் சேர்த்துத்தான் இந்த விழா. அன்றைய முதல் வாசகம் திருவெளிப்பாட்டு நூலின் 7ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. யாராலும் எண்ண முடியாத பெரும் திரளான மக்களைப் பற்றிய பகுதி அது. நற்செய்தி மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் மலைப்பொழிவு. குருவின் உடை வெள்ளை. அழுகைக்குரிய நாள் அல்ல அது.

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். கல்லறைத் திருநாள் என்று நாம் சொல்வது இதைத்தான். குருவின் உடை ஊதாவாகவோ கறுப்பாகவோ இருக்கும்; வெள்ளையும் அனுமதிக்கப்பட்டதே. இறைவனின் அருளில் இறந்தும், இன்னும் முழுமையாகத் தூய்மை பெறாத ஆத்துமாக்களுக்காக அன்று வேண்டுகிறோம். உத்தரிக்கிற ஸ்தலம் என்று பாட்டிமார் சொல்வது அந்த நிலையைத்தான்.

வித்தியாசத்தை எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. முதல் நாள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று அவர்களைக் கேட்கிறோம். இரண்டாம் நாள் நாம் அவர்களுக்காக வேண்டுகிறோம். செபம் போகும் திசையே வேறு. நவம்பர் 1 காலையில் மாலை வாங்கிக்கொண்டு நேராக இடுகாட்டுக்குப் போய்விட்டு, கோயில் பூசைக்கு வராமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் இறந்தவர்களை மறக்கவில்லை. ஆனால் புனிதர்களின் விழாவைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு நாட்களும் ஒரே காலத்தில் ஏற்பட்டவை அல்ல. ரோமில் பழைய தெய்வங்களுக்காகக் கட்டப்பட்ட பந்தேயோன் என்னும் பெரிய கட்டடத்தை நான்காம் போனிபாஸ் பாப்பரசர் கோயிலாக நேர்ந்தளித்தது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மே 13ஆம் தேதி. மரியன்னைக்கும் எல்லா வேதசாட்சிகளுக்கும் அது காணிக்கையாக்கப்பட்டது. பின்னர் எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி பாப்பரசர் புனித பேதுரு பேராலயத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் நான்காம் கிரகோரியின் காலத்தில் நவம்பர் 1 விழா பரவலாக நிலைபெற்றது. அதற்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் பிரான்சு நாட்டுக் கிளூனி மடத்தின் அதிபர் ஓதிலோ, தம் மடங்களில் நவம்பர் 2ஆம் நாளை இறந்தவர்களுக்காக ஒதுக்கினார். மடங்களிலிருந்து அது ஊர்க் கோயில்களுக்குப் பரவியது. புனிதர்களின் விழாவுக்கு மறுநாளே இறந்தோர் நினைவு வருவது இப்படித்தான்.

தீபாவளி நகரும், இது நகராது

நம் வீடுகளில் தேதிக் குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே லயத்தில் வளர்ந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தீபாவளி கொண்டாடுகிறவர்கள். தீபாவளி ஐப்பசி மாதத்துத் தேய்பிறைக் கணக்கில் வருவதால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நகர்ந்துகொண்டே இருக்கும். நவம்பர் 1உம் 2உம் சூரியக் கணக்குத் தேதிகள். அவை அசைவதில்லை. இரண்டும் சில ஆண்டுகளில் முட்டிக்கொள்ளும்.

2005இல் நம் நாட்டில் தீபாவளி நவம்பர் 1. அதாவது அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவன்றே தீபாவளி. 2013இல் தீபாவளி நவம்பர் 2, சனிக்கிழமை. ஒரே வீட்டில் அண்ணன் குடும்பம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் சுட்டபோது, தம்பி குடும்பம் மெழுகுவத்தியோடு கல்லறைக்குக் கிளம்பிய ஆண்டு அது. 2024இல் அக்டோபர் 31 தீபாவளி, மறுநாள் புனிதர்கள், அதற்கு மறுநாள் ஆத்துமாக்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இந்த எட்டாம் தேதிக்குக் கல்லறைத் திருநாளோடு ஒரு தொடர்பு உண்டு. அது சற்றுப் பின்னால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. "அந்தக் காலத்தில் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வரவே வராதே" என்பார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. பழைய திருவழிபாட்டு விதிப்படி நவம்பர் 2 ஞாயிறாக இருந்தால், ஆத்துமாக்கள் நாள் திங்கட்கிழமை, நவம்பர் 3க்குத் தள்ளிப்போகும். 1958இல் அப்படித்தான் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1970இல் நடைமுறைக்கு வந்த புதிய நாட்காட்டி இதை மாற்றியது. அதன்படி நவம்பர் 2 ஞாயிறாக வந்தாலும் அன்றே அனுசரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குரிய வழிபாடு அதற்கு இடம்விடும். 2025இல் அப்படி நடந்தது. 2026இல் நவம்பர் 1 ஞாயிறு, நவம்பர் 2 திங்கள். புனிதர்களின் விழாவுக்கு எல்லாரும் வந்துவிடலாம். திங்கட்கிழமை வேலை நாள் என்பதால் இடர்ப்பாடு ஆத்துமாக்கள் நாளுக்குத்தான்.

ஒரு ஃபாதர், பல இடுகாடுகள்

தோட்டங்களில் ஆள் நிறைந்திருந்த காலத்திலும் நவம்பர் 2 விடுமுறை நாள் அல்ல. விடிகாலையில் பேர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போக வேண்டும். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் இடுகாட்டுப் பக்கம் போவார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே ஆண்கள் பராங்கால் லாலாங் புல்லை வெட்டி, மழையில் அமிழ்ந்துபோன மேட்டுக்கு மண் அள்ளிப்போட்டு, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுவார்கள். குரு வர முடியாத தோட்டங்களில் உபதேசியார் முன்னின்று செபம் சொல்வார்.

இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடங்களில் இல்லை. ஆனால் இடுகாடு அங்கேயே இருக்கிறது. நெகிரி செம்பிலான் கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சிரம்பான் விசிட்டேஷன் தேவாலயம், மந்தின் செயின்ட் அலோஷியஸ் தேவாலயம், போர்ட்டிக்சன் அமல உற்பவ அன்னை தேவாலயம் போன்ற பங்குகளைச் சுற்றித்தான் பழைய தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு பங்குக் குரு நவம்பர் 2 அன்று கோயிலில் பூசை வைக்க வேண்டும். பட்டணத்துக் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிக்க வேண்டும். தோட்டங்களுக்கும் போக வேண்டும். பூசையும் ஒரே மொழியில் முடிந்துவிடுவதில்லை.

அன்று மட்டும் ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம் என்று பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1915 ஆகஸ்டில் எல்லாக் குருக்களுக்கும் அனுமதி கொடுத்தார். முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மூன்றில் ஒரு பூசையைத்தான் குரு தாம் விரும்பும் கருத்துக்காக ஒப்புக்கொடுத்து, அதற்குரிய காணிக்கையைப் பெறலாம். இரண்டாவது இறந்த விசுவாசிகள் அனைவருக்கும், மூன்றாவது பாப்பரசரின் கருத்துகளுக்கும் உரியவை. உறையில் பெயர் எழுதிப் போடும்போது இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பணம் ஓர் ஆத்துமாவுக்கான கட்டணம் அல்ல. பெயர் வாசிக்கப்படாவிட்டாலும் அன்றைய பூசையில் எல்லாருக்கும் பங்கு உண்டு.

மூன்று பூசைக்கு அனுமதி இருந்தாலும், மூன்று திசையில் இருக்கும் தோட்டங்களுக்கு ஒரே நாளில் போவது நடக்காத காரியம். அதனால்தான் மந்திரிப்பு அட்டவணை அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் இரண்டாம் வாரம் வரை நீள்கிறது.

எட்டு நாள் கணக்கு

இனி அந்தப் பதிலுக்கு வருவோம். நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலும் ஒரு கிறிஸ்தவர் பக்தியோடு கல்லறைக்குப் போய், இறந்தவர்களுக்காக மனத்துக்குள்ளாவது வேண்டினால், அவர்களுக்காக ஒரு பரிபூரண பலனைப் பெற்றுக்கொடுக்கலாம் என்கிறது திருச்சபை. கவனிக்க வேண்டியது, குரு உடன் வர வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. கல்லறையை மந்திரிக்கும் சடங்கு வேறு, இந்தப் பலன் வேறு. மந்திரிப்பு ஃபாதரின் வசதிப்படி நடக்கட்டும். வேண்டுதலுக்கு எட்டு நாளும் திறந்தே இருக்கின்றன.

பலன் என்றால் என்ன? பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் இறைவன் மன்னித்துவிடுகிறார். ஆனால் பாவம் விட்டுச்சென்ற காயம், அதற்காகச் செய்ய வேண்டிய பரிகாரம் மிச்சம் இருக்கிறது. கண்ணாடியை உடைத்த பிள்ளையை அப்பா மன்னித்துவிட்டாலும், உடைந்த கண்ணாடியை யாராவது மாற்றியாக வேண்டும் அல்லவா? அந்த மிச்சத்தைத் திருச்சபை தன் செபத்தால் தீர்த்து வைப்பதுதான் பலன். முழுதும் தீர்வது பரிபூரண பலன், ஒரு பகுதி தீர்வது குறைப்பலன். இந்த எட்டு நாட்களில் கல்லறைக்குப் போய்ப் பெறும் பரிபூரண பலனை இறந்தவர்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். நமக்கு வைத்துக்கொள்ள முடியாது.

கல்லறைக்குப் போவதோடு மூன்று காரியங்கள் சேர வேண்டும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துகளுக்காக ஒரு செபம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறை மந்திரமும் போதும். பாவசங்கீர்த்தனத்தைக் கல்லறைக்குப் போன அன்றே செய்ய வேண்டியதில்லை. முன்போ பின்போ ஏறத்தாழ இருபது நாளுக்குள் ஒருமுறை செய்தால், அது பல நாட்களுக்குப் போதும். நற்கருணையும் செபமும் மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வேண்டும். இவற்றோடு, எந்தப் பாவத்தின் மீதும் ஒட்டுதல் இல்லாத மனமும் கேட்கப்படுகிறது. அந்த மனம் முழுமையாக இல்லாவிட்டால் பலன் குறைப்பலன் ஆகும், வீணாகிவிடாது.

நவம்பர் 2க்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. முதல் நாள் நண்பகலிலிருந்து இரண்டாம் நாள் நள்ளிரவு வரை ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய்ப் பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னால், அதுவும் இறந்தவர்களுக்கான பரிபூரண பலன்தான். ஆனால் ஒருவர் ஒரு நாளில் ஒரு பரிபூரண பலனைத்தான் பெற முடியும். இரண்டாம் தேதி கோயிலுக்கும் போய்க் கல்லறைக்கும் போனால் இரண்டாகிவிடாது. எட்டு நாளும் விடாமல் செய்தால் எட்டுதான், ஒன்பது வராது.

ஒரு குடும்பத்தை வைத்து 2026க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், சிரம்பானில் வீடு. தாத்தா லாபு பக்கத்துத் தோட்டத்து இடுகாட்டில் புதைக்கப்பட்டவர். பாட்டி எரியூட்டப்பட்டு, அவருடைய அஸ்தி கோயில் மாடத்தில் இருக்கிறது. ஃபாதர் அந்தத் தோட்டத்துக்கு வருவது நவம்பர் 7, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் கடைசி வாரத்தில் மூவரும் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறார்கள். அது எட்டாம் தேதி வரைக்கும் செல்லும். நவம்பர் 1 ஞாயிறு, புனிதர்கள் பூசை. அன்று மாலையில் வைக்கப்படுவதும் புனிதர்கள் பூசைதான். அதற்குப் போய்விட்டு ஆத்துமாக்கள் பூசை ஆயிற்று என்று நினைத்துவிடக்கூடாது. திங்கட்கிழமை வேலை முடிந்து மாலைப் பூசைக்குப் போகிறார்கள். நற்கருணை வாங்கி, பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லி, பாப்பரசரின் கருத்துக்காகவும் வேண்டுகிறார்கள். அன்றைய பலனைப் பாட்டிக்கு ஒப்புக்கொடுக்கலாம். சனிக்கிழமை தோட்டத்து இடுகாட்டில் ஃபாதர் பூசை வைத்தால் நற்கருணையும் அங்கேயே கிடைத்துவிடும். மந்திரிப்பு மட்டும்தான் என்றால் அன்று காலையிலோ மாலையிலோ கோயிலில் ஒரு பூசை காண வேண்டும். அந்த நாள் தாத்தாவுக்கு. மறுநாள் ஞாயிறு எட்டாம் தேதி, கடைசி நாள். தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில் கல்லறையில் ஐந்து நிமிடம் நின்றாலும் அதுவும் கணக்கில் சேரும்.

ஃபாதர் ஒன்பதாம் தேதிக்குப் பிறகுதான் வருகிறார் என்றால்? மந்திரிப்பு நல்லபடியாக நடக்கும், வேண்டுதலும் கேட்கப்படும். ஆனால் எட்டு நாளுக்குரிய பரிபூரண பலன் அன்று கிடையாது, குறைப்பலன்தான். அதனால் எட்டாம் தேதிக்குள் குடும்பமாக ஒருமுறை போய்வந்துவிடுவது நல்லது. கோயிலில் மந்திரித்து வாங்கிய தண்ணீரைக் குடும்பத்தாரே கல்லறை மேல் தெளித்துச் செபம் சொல்லலாம்.

கோவிட் காலத்தில் இந்த எட்டு நாள் விதி தளர்த்தப்பட்டது. 2020 அக்டோபரில் வத்திக்கானிலிருந்து வந்த ஆணை, நவம்பர் மாதத்தின் எந்த எட்டு நாட்களிலும், தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும், கல்லறைக்குப் போகலாம் என்றது. வெளியே போக முடியாத முதியவர்களும் நோயாளிகளும் வீட்டிலேயே ஆண்டவர் அல்லது மாதா படத்தின் முன் வேண்டலாம் என்றும் சொன்னது. 2021இலும் அதுவே நீடித்தது. 'நவம்பர் மாதம் முழுக்கப் போகலாம்' என்று இன்றும் சிலர் சொல்வது அந்த இரண்டு ஆண்டுகளின் நினைவால்தான்.

கல்லறையைக் கண்டுபிடிப்பது

தேதி தீர்ந்தாலும் இடம் தீராத குடும்பங்கள் உண்டு. மரச்சிலுவை இற்றுப்போய், மேடு தரையோடு சமமாகி, "மூணாவது வரிசை, ஒரு ரம்புத்தான் மரத்துக்குப் பக்கத்துல" என்று சொன்ன பாட்டியும் போய்விட்டால், பேரப்பிள்ளைகளுக்கு எது யாருடையது என்று தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது பங்கின் மரணப் பதிவேடு. குரு அடக்கம் செய்தவர்களின் பெயர், இறந்த நாள், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை எழுதிவைப்பது திருச்சபையின் பழைய ஒழுங்கு. எந்தத் தோட்டம் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். இப்போது நாம் பூசை காணும் கோயிலில் அல்ல. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போவது வேலையைச் சுருக்கும்.

அங்கேயும் பெயர் ஒரு தடையாக வரும். வீட்டில் சின்னக்கண்ணு என்று கூப்பிட்டவருக்கு ஞானஸ்நானப் பெயர் வேறாக இருந்திருக்கும். அந்தப் பெயரையும் குருக்கள் லத்தீனிலோ ஐரோப்பிய வடிவிலோ எழுதியிருப்பார்கள். சூசை என்பவர் அங்கே ஜோசப். இராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால், அருளப்பன் ஜான், முடியப்பன் ஸ்டீபன். இவை தமிழகத்துப் பழைய கத்தோலிக்கர் புனிதர்களுக்கு வைத்த தமிழ்ப் பெயர்கள். ஞானப்பிரகாசம் என்ற தாத்தாவைத் தேடுகிறவர் 'ஞா' வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்க மாட்டார். ஞானப்பிரகாசியார் என்று நம்மவர் சொன்னது அலோஷியஸ் கொன்சாகா என்ற இத்தாலியப் புனிதரை. மந்தின் தேவாலயத்தின் பாதுகாவலரும் அவர்தான். முதல் நாள் திருவிழாவுக்குரிய புனிதரின் பெயரே இரண்டாம் நாள் கல்லறையைக் கண்டுபிடிக்கத் திறவுகோலாகிறது. தாத்தாவின் பெயருக்குரிய புனிதர் யார் என்பதைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பதிவேடு பெரும்பாலும் எந்த இடுகாடு என்பதைச் சொல்லும். எந்த வரிசை என்பதைச் சொல்லாது. அதற்குமேல், அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை. இடம் உறுதியானதும் மரத்துக்குப் பதில் சிமெண்டுச் சிலுவையோ பெயர்க்கல்லோ வைத்து, பக்கத்திலுள்ள அசையாத அடையாளத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தை அடையாளமாகக் கொள்வதில் பயனில்லை. மறுநடவுக்கு வெட்டிவிடுவார்கள்.

தோட்டத்து இடுகாடு பல இடங்களில் கோயில் நிலம் அல்ல, தோட்ட நிலம். நுழைவாயிலில் காவலாளி இருப்பார். போகும் நாளை முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் சொல்லிவைத்தால் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது. போகும் நேரம் காலையாக இருக்கட்டும். நவம்பர் தொடக்கத்தில் பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது நம் மாநிலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்மண் பாதையில் கார் சிக்கிக்கொண்டால் மெழுகுவத்தி ஏற்றப் போனவர்கள் டிராக்டர் தேடி நிற்க வேண்டிவரும்.

நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வரும்போது, கல்லறைகளுக்கு உரிமை கோரும்படி பத்திரிகையில் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். அதைப் பார்த்த உடனே பங்கு அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். நம் தாத்தாதானே என்று மண்வெட்டியை எடுத்துப் போய்விடக்கூடாது. நில உரிமையாளர், உள்ளாட்சி மன்றம் ஆகியோரின் அனுமதி இல்லாமல் எந்தக் கல்லறையையும் தோண்ட முடியாது. அனுமதியோடு எடுக்கும் எலும்புகளை மீண்டும் புதைக்கலாம், எரியூட்டியும் வைக்கலாம். கத்தோலிக்கர் எரியூட்டுவதை 1963லேயே திருச்சபை அனுமதித்துவிட்டது. ஆனால் 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை, அஸ்தியைத் தூவவோ, கடலிலோ ஆற்றிலோ கரைக்கவோ, உறவினர்களுக்குப் பங்கிடவோ கூடாது, கல்லறையிலோ கோயில் மாடத்திலோ வைக்க வேண்டும் என்கிறது. சாமி கும்பிடும் உறவினர்கள் பாசத்தோடு "கடலில் கரைச்சிடலாம்" என்று சொல்லும் நேரம் இது. வீட்டுக்குள் மனத்தாங்கல் வருவதும் இங்கேதான். பேசி முடிவு செய்ய வேண்டியதை எரியூட்டும் நாளன்று பேசாமல், அதற்கு முன்பே பேசிவிடுவது மேல்.

கல்லறையில் பலகாரம், பழம் வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேள்வி வருவதுண்டு. வழிபாட்டுச் சடங்கில் செபமும் தீர்த்தமும் சாம்பிராணியும்தான் இருக்கின்றன. மாலையும் மெழுகுவத்தியும் அன்பின் அடையாளம். படையல் வீட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது. கொண்டு போனதை அங்கே விட்டுவிட்டு எறும்புக்கும் குரங்குக்கும் கொடுப்பதைவிட, பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டால் தாத்தாவின் பெயர் இன்னொரு வீட்டிலும் பேசப்படும்.

கல்லறையே இல்லாதவர்கள்

எவ்வளவு தேடியும் இடம் கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்கதை இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில், 1943 கடைசியில், சிங்கப்பூரிலிருந்து யூரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் பகாவ் காட்டுக்கு விவசாயம் செய்ய வந்து குடியேறினார்கள். அவர்களை நடத்தி வந்தவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் தெவால்ஸ். மலேரியாவும் பட்டினியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. மண்வெட்டி பிடித்து வேலை செய்த ஆயரின் காலிலும் காயம் பட்டு, அது முற்றி, 1945 ஜனவரியில் அவர் இறந்தார். பின்னாளில் அவருடைய எலும்புகள் சிங்கப்பூர் நல்லாயன் பேராலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆயருக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. அவரோடு வந்து காட்டோரத்தில் புதைக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் பெயர்க்கல் கிடைக்கவில்லை.

எட்டு நாள் விதி 'உங்கள் தாத்தாவின் கல்லறைக்குப் போங்கள்' என்று சொல்லவில்லை. 'கல்லறைக்குப் போங்கள்' என்றுதான் சொல்கிறது. எந்தக் கல்லறைத் தோட்டத்தில் நின்றும் எந்த ஆத்துமாவுக்காகவும் வேண்டலாம். சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, திரும்பி வராத தோட்டத்துத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிரம்பான் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சிலுவைக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியை ஏற்றினால் போதும். பெயர்க்கல் இல்லாத ஒரு மேட்டுக்கு முன்னால் நின்று வேண்டினாலும் போதும். அது யாரோ ஒருவருடைய தாத்தாவாக இருக்கும்.

மந்திரிப்பு அட்டவணை பங்குகளின் ஞாயிறு அறிவிப்பிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் வெளியாகும். தோட்டத்துப் பெயரை இப்போதைய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். நிர்வாகம் மாறிய தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு பெயரும் பெரியவர்கள் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும்.